நிற்காத நிரலும் கிடைக்காத நிரூபணமும்

இந்த ஆறு வரி பைத்தான் நிரலைப் பாருங்கள். பள்ளியில் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள்கூட இதைப் படித்துவிடுவார்கள்.

```python
def is_prime(n):
    return n > 1 and all(n % d for d in range(2, n))

n = 4
while any(is_prime(a) and is_prime(n - a) for a in range(2, n)):
    n += 2
print(n)
```

4-ல் தொடங்கி ஒவ்வோர் இரட்டைப்படை எண்ணாக இது எடுத்துப் பார்க்கிறது. இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையாக அந்த எண்ணை எழுத முடிகிறதா? 4 என்றால் 2 + 2. 6 என்றால் 3 + 3. 8 என்றால் 3 + 5. முடிந்தால் அடுத்த எண்ணுக்குப் போகும். முடியாத ஓர் எண் எதிர்ப்பட்டால் அதை அச்சிட்டுவிட்டு நின்றுவிடும். அவ்வளவுதான் நிரல்.

இதை ஓடவிட்டால் என்றாவது நிற்குமா? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் இன்றுவரை யாரும் இல்லை. 2-ஐவிடப் பெரிய ஒவ்வோர் இரட்டைப்படை எண்ணும் இரு பகா எண்களின் கூட்டல்தான் என்ற ஊகம், 1742-ல் கிறிஸ்டியன் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தது. 4-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்டால் வரும் எண் வரைக்கும் கணிப்பொறி வைத்துச் சரிபார்த்திருக்கிறார்கள். அதுவரை விதிவிலக்கு ஒன்றும் இல்லை. அதற்கு மேல் எங்கேயோ ஒன்று ஒளிந்திருந்தால் நிரல் அங்கே நிற்கும். இல்லையென்றால் நிற்கவே நிற்காது. ஆக, 'இந்த நிரல் நிற்குமா?' என்பதும் 'கோல்ட்பாக் ஊகம் தவறா?' என்பதும் ஒரே கேள்வி.

இதில் ஒரு சமமின்மை இருப்பதைக் கவனிக்க வேண்டும், பின்னால் வருவதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. நேரப் பலகை இல்லாத நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் போன்றது இது. பஸ் வந்துவிட்டால் 'வரும்' என்பது ஐயமறத் தெரிந்துவிடும். வரவில்லை என்றால், இனிமேலும் வராதா, அடுத்த நிமிடம் வருமா என்பதை வெறுமனே காத்திருந்து அறிய முடியாது. நிரலும் அப்படித்தான். நிற்கும் நிரலை ஓட்டிப் பார்த்தால் போதும், என்றாவது ஒருநாள் விடை கிடைத்துவிடும். நிற்காத நிரலை எத்தனை காலம் ஓட்டினாலும் அது நிற்காது என்பதற்கு அந்த ஓட்டமே சான்றாகிவிடாது. வேறு ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்வதைத்தான் கணிதத்தில் நிரூபணம் என்கிறோம்.

அப்படியானால் எந்த நிரலைக் கொடுத்தாலும் அதை ஓட்டாமலே, அதன் எழுத்தை மட்டும் படித்து, 'இது நிற்கும்', 'இது நிற்காது' என்று சரியாகச் சொல்லிவிடும் ஒரு பொது வழி இருக்குமா? கேம்பிரிட்ஜில் இருந்த ஆலன் டூரிங், 1936-ல், 23 வயதில் எழுதிய கட்டுரையின் முறையில் இதற்குப் பதில் சொன்னால், இல்லை என்பதுதான் பதில். அவர் அதில் பயன்படுத்திய சொற்கள் வேறு, 'ஹால்டிங் பிராப்ளம்' என்ற பெயர் பின்னால் வந்தது. அந்த ஆண்டில்தான் முதல் மின்னணுக் கணிப்பொறிகூட இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் வருவதற்கு முன்பே அதனால் முடியாதது என்ன என்று கண்டாயிற்று.

அவருடைய வாதத்தை இன்றைய நிரல் மொழியில் சில வரிகளில் சொல்லிவிடலாம். அப்படி ஒரு வழி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதை `halts(p, x)` என்ற நிரலாக ஒருவர் எழுதித் தந்துவிட்டார். p என்ற நிரலுக்கு x என்ற உள்ளீட்டைக் கொடுத்து ஓட்டினால் அது நிற்குமானால் இது 'ஆம்' என்கும், நிற்காதென்றால் 'இல்லை' என்கும், ஒருபோதும் பிசகாது. இனி நாம் ஒரு சின்ன வம்பு நிரல் எழுதுகிறோம்.

```python
def vambu(p):
    if halts(p, p):
        while True:
            pass
```

ஒரு நிரலின் எழுத்தை வாங்கி, அந்த எழுத்தையே அதற்கு உள்ளீடாகக் கொடுத்தால் நிற்குமா என்று `halts`-இடம் கேட்கிறது `vambu`. 'நிற்கும்' என்று பதில் வந்தால் தான் முடிவில்லாமல் சுற்றத் தொடங்கும். 'நிற்காது' என்று வந்தால் உடனே நின்றுவிடும். இப்போது `vambu`-வுக்கு `vambu`-வின் எழுத்தையே கொடுங்கள். நிற்கும் என்று `halts` சொன்னால் அது நிற்காது. நிற்காது என்று சொன்னால் நின்றுவிடும். எதைச் சொன்னாலும் `halts` தவறு செய்துவிடுகிறது. ஆக, பிசகாத `halts` என்ற ஒன்றை யாராலும் எழுத முடியாது. இன்னும் கெட்டிக்கார நிரலாளர் வந்தாலும், இன்னும் வேகமான இயந்திரம் வந்தாலும் இது மாறாது.

இங்கே பலர் ஒரு தப்பர்த்தம் செய்துகொள்வார்கள். குறிப்பிட்ட ஏதோ ஒரு நிரலைப் பற்றி 'இது நிற்குமா என்று கண்டுபிடிக்க முடியாது' என்று டூரிங் சொன்னதாக. அவர் சொன்னது அதுவல்ல. குறிப்பிட்ட ஒரு நிரலை எடுத்துக்கொண்டால் விடை 'ஆம்' அல்லது 'இல்லை', இரண்டில் ஒன்று. 'ஆம்' என்று மட்டும் அச்சிடும் ஒரு நிரலையும் 'இல்லை' என்று மட்டும் அச்சிடும் ஒரு நிரலையும் எழுதி வைத்தால், இரண்டில் ஒன்று சரியாகச் சொல்லிவிடும், எது சரி என்று நமக்குத் தெரியாவிட்டாலும். டூரிங் மறுத்தது எல்லா நிரல்களுக்கும் சேர்த்து ஒரே வழி இருக்கும் என்பதைத்தான். முடிவற்ற கேள்விகளின் கூட்டத்துக்கு முழுதாக விடை தரும் ஒற்றை இயந்திரம் இல்லை.

கணிதத்தின் அடுத்த பெரிய 'முடியாது' வேறு மாதிரியானது. அது ஒரே ஒரு வாக்கியத்தைச் சுட்டிக்காட்டி, இந்த நிரூபண முறைக்குள் இதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்கிறது. இவை இரண்டும் எப்படி ஒட்டுகின்றன என்பதுதான் நமக்கு வேண்டியது.

நிரூபண முறை என்றால் என்ன? சில வாக்கியங்களை நிரூபணம் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். இவை அடிகோள்கள். ஏற்ற வாக்கியங்களிலிருந்து புதிய வாக்கியங்களைப் பெறச் சில விதிகள் உண்டு. அடிகோளில் தொடங்கி, ஒவ்வொரு வரியும் முந்தைய வரிகளிலிருந்து விதிப்படி வருமாறு எழுதிக்கொண்டே போய், கடைசி வரியில் நமக்கு வேண்டிய வாக்கியம் வந்தால் அந்த முழு எழுத்தும் ஒரு நிரூபணம். எண்கணிதத்துக்குப் பியானோவின் அடிகோள்கள் இருக்கின்றன. இன்றைய கணிதத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தாங்கும் அளவுக்கு வலிமையானது இசட்எஃப்சி என்ற கணக் கோட்பாடு.

இதில் மறைந்திருக்கும் ஒரு நிபந்தனைதான் முக்கியம். ஒருவர் நீட்டும் காகிதம் நிரூபணமா இல்லையா என்பதைச் சரிபார்க்க மேதைமை தேவைப்படக் கூடாது. வரிவரியாகப் பார்த்து, இது அடிகோளா, இது விதிப்படி வந்ததா என்று சோதித்தால் போதும். கணிப்பொறியே செய்யலாம். ஹில்பர்ட்டும் அவர் வழி வந்தவர்களும் வேண்டியது இதைத்தான். நிரூபணத்தை யோசித்துக் கண்டுபிடிப்பது கலையாக இருக்கட்டும், சரிபார்ப்பது மட்டும் யார் செய்தாலும் ஒரே விடை வரும் வேலையாக இருக்க வேண்டும். அதில் ஒரு நேர்மை இருக்கிறது, அதை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த நேர்மைக்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

எப்படி என்று பாருங்கள். சரிபார்ப்பது இயந்திர வேலை என்றால் தேடுவதும் இயந்திர வேலைதான், நேரம் பற்றிக் கவலைப்படாவிட்டால். ஓர் எழுத்து நீளமுள்ள சரங்கள் எல்லாம், பிறகு இரண்டெழுத்துச் சரங்கள் எல்லாம், பிறகு மூன்று என்று, எழுதக்கூடிய ஒவ்வோர் எழுத்துக் கோவையையும் வரிசையாக உண்டாக்கி, ஒவ்வொன்றையும் 'நீ நிரூபணமா?' என்று சோதித்துக்கொண்டே போகலாம். பெரும்பாலானவை குப்பை. ஆனால் ஒரு வாக்கியத்துக்கு நிரூபணம் என்று ஒன்று இருந்தால், அது பத்துப் பக்கமோ பத்து லட்சம் பக்கமோ, இந்த வரிசையில் எங்கேயோ அது வந்தே தீரும்.

இனிப் பாலம் போடுவது எளிது. பொய்யான வாக்கியத்தை ஒருபோதும் நிரூபிக்காத ஒரு நிரூபண முறை நம் கையில் இருக்கிறது என்று கொள்வோம். நிரல்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதற்குச் சொல்வளம் உண்டு. கூடவே அது நிறைவானது, அதாவது எந்த நிரலைக் காட்டினாலும் 'இது நிற்கும்', 'இது நிற்காது' என்ற இரண்டு வாக்கியங்களில் ஒன்றுக்காவது அதில் நிரூபணம் இருக்கிறது என்றும் கொள்வோம். அப்போது ஹால்டிங் பிராப்ளத்துக்கு ஒரு தீர்வு கிடைத்துவிடுகிறது. ஒரு நிரலைக் கொடுங்கள், எல்லா எழுத்துக் கோவைகளையும் வரிசையாகச் சோதிக்கிறேன். 'நிற்கும்' என்பதற்கு நிரூபணம் முதலில் கிடைத்தால் 'ஆம்' என்பேன். 'நிற்காது' என்பதற்குக் கிடைத்தால் 'இல்லை' என்பேன். இரண்டில் ஒன்று கிடைத்தே தீரும் என்பதால் என் தேடல் முடிந்தே தீரும். முறை பொய் சொல்லாது என்பதால் என் விடையும் பிசகாது.

அப்படி ஒரு வழி இல்லை என்பதை டூரிங் காட்டிவிட்டார். ஆக, நாம் கொண்டவற்றில் ஏதோ ஒன்று நொறுங்க வேண்டும். பொய் சொல்லாமல் இருப்பதையும் இயந்திரம் சரிபார்ப்பதையும் விடமாட்டோம் என்றால் மிஞ்சுவது நிறைவு ஒன்றுதான். எந்த முறையை எடுத்தாலும், நிற்குமா நிற்காதா என்பதை அதனால் நிரூபிக்க முடியாத ஒரு நிரலாவது இருக்கும்.

அது எப்படிப்பட்ட நிரல் என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது. நிற்கும் நிரலாக அது இருக்கவே முடியாது. ஒரு நிரல் 7,000 படிகள் ஓடி நிற்கிறது என்றால், அந்த 7,000 படிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவைத்தாலே அது நிற்கும் என்பதற்கு நிரூபணம் ஆகிவிடும். அதற்கு மேல் சாமர்த்தியம் தேவையில்லை. ஆகவே முறைக்கு எட்டாமல் தப்பிப் போகும் நிரல்கள் எல்லாம் உண்மையிலேயே நிற்காதவை. அவை நிற்காது என்பது உண்மை, ஆனால் அந்த முறைக்குள் அந்த உண்மைக்கு நிரூபணம் இல்லை. பஸ் வராது, வராது என்று சொல்ல வழியும் இல்லை.

கெர்ட் கோடல் 1931-ல் வெளியிட்ட நிறைவின்மைத் தேற்றம் இதுதான். கால வரிசையில் கோடல்தான் முந்தியவர். 1930 செப்டம்பர் 7-ம் தேதி, கோனிக்ஸ்பெர்க் நகரில் நடந்த மாநாட்டில், ஒரு கலந்துரையாடலின் இடையே இதை அவர் மெதுவாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 24. கேட்டவர்களில் அதன் கனத்தை உடனே புரிந்துகொண்டவர் ஜான் வான் நாய்மன். மறுநாள் அதே ஊரில் ஹில்பர்ட் பேசினார். நாம் அறிந்தே ஆகவேண்டும், அறிந்தே தீருவோம் என்ற பொருள்பட அந்த உரை முடிந்தது. வரலாறு இப்படியும் நையாண்டி செய்வதுண்டு.

கோடலிடம் டூரிங்கின் இயந்திரம் இல்லை. வாக்கியங்களையும் நிரூபணங்களையும் எண்களாக மாற்றி, 'இந்த எண் அந்த எண்ணின் நிரூபணம்' என்பதைக் கூட்டலும் பெருக்கலும் மட்டுமே உள்ள மொழியில் எழுதிக்காட்டும் கடும் வேலையை அவர் கையாலேயே செய்தார். மேலே நான் 'நிரல்களைப் பற்றிப் பேசும் அளவுக்குச் சொல்வளம்' என்று ஒரு வரியில் தாண்டிப்போனேனே, அந்த ஒரு வரிக்குள் அவருடைய உழைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. எண்களை மட்டுமே பேசும் மொழியாலும் ஒரு நிரலின் முழு ஓட்டத்தையும் சொல்ல முடியும் என்பது தானாக விளங்குகிற செய்தி அல்ல. ஆனால் 'இயந்திரம் சரிபார்க்கும் முறை' என்பதற்குத் துல்லியமான பொருள் அவருக்கும் 1931-ல் கிட்டவில்லை. டூரிங்குக்குப் பிறகுதான் அது கிட்டியது. தன் தேற்றம் எல்லா நிரூபண முறைகளுக்கும் பொருந்தும் என்று ஐயமின்றிச் சொல்ல முடிவது டூரிங்கின் வரையறையால்தான் என்று கோடலே 1963-ல் ஒரு குறிப்பு எழுதினார்.

இதுவரை பார்த்த வாதத்தில் ஒரு குறை உண்டு. அப்படி ஒரு நிரல் இருக்கிறது என்று சொல்கிறதே தவிர, எது என்று காட்டவில்லை. அதையும் செய்துவிடலாம். அதற்கு ஒரு நிரல் தன் எழுத்தைத் தானே அறிந்திருக்க வேண்டும். இது மாயவித்தை மாதிரித் தோன்றும், ஆனால் நிரலாளர்கள் விளையாட்டாகவே செய்வார்கள். கீழே இருக்கும் இரண்டு வரிகளை ஓட்டினால், அச்சில் வருவது இதே இரண்டு வரிகள்தான்.

```python
s = 's = %r\nprint(s %% s)'
print(s % s)
```

இந்த உத்தியை வைத்துக்கொண்டு, நமக்குப் பிடித்த நிரூபண முறை ஒன்றை எடுப்போம். அதற்கு மு என்று பெயர் வைப்போம். இப்போது க என்ற நிரலை எழுதுகிறோம். எல்லா எழுத்துக் கோவைகளையும் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றும் 'க நிற்காது' என்பதற்கு மு-வின் விதிப்படி நிரூபணமா என்று பார்ப்பதுதான் க-வின் வேலை. நிரூபணம் கிடைத்தால் க உடனே நின்றுவிடும். கிடைக்காதவரை தேடிக்கொண்டே இருக்கும். தான் நிற்கமாட்டேன் என்பதற்குச் சான்று கிடைத்தவுடன் நின்றுவிடும் நிரல் இது.

க நிற்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 'க நிற்காது' என்பதற்கு மு-வில் ஒரு நிரூபணம் கிடைத்திருக்கிறது. ஆனால் க நின்றுவிட்டதே, அது ஓடிய படிகளை எழுதினால் 'க நிற்கும்' என்பதற்கும் அதே மு-வில் நிரூபணம் உண்டு. ஒரே முறை ஒன்றையும் அதற்கு எதிரானதையும் நிரூபிக்கிறது என்றால் மு முரணானது, எதற்கும் உதவாதது. ஆகவே மு முரணற்றதாக இருந்தால் க நிற்காது. அது நிற்காது என்பதற்கு மு-வில் நிரூபணமும் கிடையாது, கிடைத்திருந்தால் க நின்றிருக்குமே.

இதைப் படிக்கும் கூர்மையான வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார். க நிற்காது என்று நீர் இப்போது நிரூபித்துவிட்டீரே, உமக்கு முடிந்தது மு-வுக்கு ஏன் முடியவில்லை? நல்ல கேள்வி. நம் வாதத்தைத் திரும்பப் பார்த்தால் 'மு முரணற்றதாக இருந்தால்' என்ற ஒரு நிபந்தனை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நிபந்தனையோடு சேர்த்துச் சொன்னால், அதாவது 'மு முரணற்றது என்றால் க நிற்காது' என்ற வாக்கியத்தை, போதிய வலுவுள்ள மு தானே நிரூபித்துவிடும். நாம் செய்ததையே வரிவரியாக அதுவும் செய்யும். மு-வால் முடியாமல் போவது நிபந்தனையைக் கழற்றுவதுதான். தான் முரணற்றது என்பதை மு நிரூபித்துவிட்டால், அடுத்த வரியிலேயே 'க நிற்காது' என்று வந்துவிடும், அது வரக் கூடாது என்று பார்த்தோம். ஆகவே முரணற்ற மு, தன் முரணின்மையைத் தானே நிரூபித்துக்கொள்ள முடியாது. கோடலின் இரண்டாம் தேற்றம் இது. நாம் க-வைப் பற்றி உறுதியாகப் பேசியது மு-வின் மேல் நமக்கிருந்த நம்பிக்கையால்தான். மனித மனம் இயந்திரத்தை மிஞ்சியது என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுபவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

சரி, 'க நிற்காது' என்பதையே புதிய அடிகோளாகச் சேர்த்துவிட்டால் என்ன? தாராளமாகச் சேர்க்கலாம். அப்போது கிடைப்பது மு அல்ல, வேறொரு முறை. அதன் சரிபார்க்கும் விதிகளை வைத்து எழுதப்படும் க-வும் வேறு. அந்தப் புதிய நிரல் புதிய முறைக்கு எட்டாது. இந்தத் துரத்தலுக்கு முடிவு இல்லை. எல்லா உண்மைகளையும் மொத்தமாக அடிகோளாக்கிவிட்டால் துரத்தல் நின்றுவிடும்தான், ஆனால் அப்போது ஒரு வரி அடிகோளா இல்லையா என்று சொல்ல எந்த இயந்திரத்தாலும் முடியாது. சரிபார்ப்பு கைவிட்டுப் போய்விடும்.

இந்த வலையிலிருந்து தப்பும் முறைகளும் உண்டு. பெருக்கலை விட்டுவிட்டு, முழு எண்களின் கூட்டலை மட்டும் பேசும் ஒரு முறையை 1929-ல் பிரெஸ்பர்கர் ஆராய்ந்தார். அது முரணற்றது, நிறைவானது, எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் சரியா தவறா என்று இயந்திரமே சொல்லிவிடும். கோடலுக்கும் டூரிங்குக்கும் அங்கே வேலையில்லை. காரணம், அந்த மொழிக்கு ஒரு நிரலின் ஓட்டத்தை விவரிக்கும் அளவுக்கு வாய் கிடையாது. கூட்டலோடு பெருக்கலும் சேரும்போதுதான் அந்த வாய் வருகிறது, கூடவே நிறைவு போய்விடுகிறது.

க போன்ற நிரல்கள் வலிந்து செய்தவை, இயல்பாக யாரும் எழுதமாட்டார்கள் என்று தோன்றலாம். எவ்வளவு சிறிய நிரலிலேயே இந்த எல்லை வந்துவிடுகிறது என்று அளந்து பார்க்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது. டிபோர் ராடோ 1962-ல் தொடங்கிவைத்தது, பிசி பீவர் என்று பெயர். 0, 1 என்ற இரண்டே குறிகள் எழுதப்படும் முடிவற்ற நாடாவில் நகர்ந்து எழுதும் டூரிங் இயந்திரங்களை, அவற்றின் நிலைகளின் எண்ணிக்கையை வைத்து வகை பிரிக்கிறோம். n நிலைகள் கொண்ட இயந்திரங்களில், வெற்று நாடாவில் தொடங்கி, என்றாவது நிற்பவை எவை? அவற்றில் மிக அதிகப் படிகள் ஓடிவிட்டு நிற்பது எத்தனை படி ஓடுகிறது? அந்த எண்ணிக்கை BB(n).

BB(n) தெரிந்துவிட்டால் n நிலை இயந்திரங்களுக்கு ஹால்டிங் பிராப்ளம் தீர்ந்துவிடும். இயந்திரத்தை அத்தனை படி ஓட்டிப் பார்த்தால் போதும், அதற்குள் நிற்காதது என்றுமே நிற்காது. நேரப் பலகை இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று தெரிந்துவிடுமே, அதேதான். BB(1) = 1, BB(2) = 6, BB(3) = 21, BB(4) = 107. அடுத்ததற்குப் பல ஆண்டுகள் ஆயின. 4,71,76,870 படிகள் ஓடிவிட்டு நிற்கும் 5 நிலை இயந்திரம் ஒன்றை 1989-ல் மார்க்ஸென், பன்ட்ராக் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அதைவிட அதிகம் ஓடி நிற்பது வேறொன்றும் இல்லை என்று காட்ட, அதற்குள் நிற்காத மற்ற எல்லா இயந்திரங்களுக்கும் நிற்காமைக்கான நிரூபணம் வேண்டும். பல நாட்டு ஆர்வலர்கள் இணையத்தில் சேர்ந்து உழைத்து, 2024-ல் அதை முடித்தார்கள். அந்த நிரூபணத்தைக் காக் என்ற மென்பொருள் வரிவரியாகச் சரிபார்த்தது.

மறுபக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இசட்எஃப்சி-யில் முரண் இருக்கிறதா என்று முடிவில்லாமல் தேடி, கிடைத்தால் மட்டும் நிற்கும் ஓர் இயந்திரத்தை உண்மையிலேயே கட்டிவிடலாம். இசட்எஃப்சி முரணற்றது என்றால் அந்த இயந்திரம் நிற்காது, ஆனால் நிற்காது என்று இசட்எஃப்சி-யால் நிரூபிக்க முடியாது. அதனால் முடியுமானால் தன் முரணின்மையைத் தானே நிரூபித்ததாகிவிடும். 2016-ல் ஆடம் யெடிடியாவும் ஸ்காட் ஆரன்சனும் இசட்எஃப்சி-யால் பிடிக்க முடியாத ஓர் இயந்திரத்தை 7,910 நிலைகளில் கட்டிக்காட்டினார்கள். பிறகு வந்தவர்கள் அதைச் சுருக்கி 748-க்கும், 2023-ல் 745-க்கும் கொண்டுவந்தார்கள். அப்படியானால் BB(745) என்பது திட்டமான ஒரு முழு எண்ணாக இருந்தும், அது இன்ன எண் என்று இசட்எஃப்சி-க்குள் நிரூபிக்க ஒருவராலும் ஆகாது.

5-ல் இருக்கிறது நமக்குத் தெரிந்த கரை, 745-ல் இருக்கிறது தாண்டமுடியாத சுவர். உண்மையான எல்லை நடுவில் எங்கேயோ இருக்கிறது. 6-லேயே நடை தள்ளாடத் தொடங்கிவிட்டது. 2024-ல் கிடைத்த ஆன்டிஹைட்ரா என்ற 6 நிலை இயந்திரம் செய்வது இவ்வளவுதான்: 8-ல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் எண்ணோடு அதில் பாதியைக் கூட்டு, அரை வந்தால் விட்டுவிடு. 8, 12, 18, 27, 40, 60, 90, 135, 202, 303 என்று வரிசை போகும். கூடவே ஒரு கணக்கு வைத்துக்கொள்: இரட்டைப்படை வந்தால் 2 கூட்டு, ஒற்றைப்படை வந்தால் 1 கழி. கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போன அன்று இயந்திரம் நிற்கும். இரட்டையும் ஒற்றையும் ஏறக்குறைய சரிபாதியாக வருவதுபோல்தான் தெரிகிறது, அதனால் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. மேலே உள்ள பத்து எண்களிலேயே ஏழு இரட்டைப்படை, மூன்று ஒற்றைப்படை, கணக்கு 11-ல் நிற்கிறது. இந்த இயந்திரம் நிற்காது என்பதில் இதை ஆராய்கிற யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் ஒற்றைப்படை எண்கள் என்றோ ஒருநாள் நீளமாக அணிவகுத்து வந்துவிடாது என்பதற்கு நிரூபணம் இன்னும் யாரிடமும் இல்லை. அது வெறுமனே கடினமான கணக்கா, அல்லது இசட்எஃப்சி-க்கே எட்டாததா என்பதும் தெரியாது.